பெயர், எண், முகவரி, புகார் சொல்ல ஓர் இடம்: இந்த நாலும் இல்லாத கடையை நம்ம கோயில் குரூப்புல பகிர வேண்டாம்



இது கொஞ்சம் நீளமான பதிவுதான். திருவிழா வேலைகள் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடணும்னு எங்க தொண்டர் குழுவுல பேசி எழுதுறோம். பொறுமையா படிங்க.

போன திருவிழாவுக்கு நடந்ததை உங்கள்ல பல பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. பால்குடம் எடுக்கிற பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி மஞ்சள் புடவை கட்டலாம்னு ஆசைப்பட்டாங்க. ஃபேஸ்புக்ல ஒரு கடை கிடைச்சது. பக்கம் பார்க்க அழகா இருந்தது. அம்மன் படம், புடவைப் படங்கள், ஆயிரக்கணக்கில் லைக். ஒரு புடவை 45 வெள்ளி. 34 புடவைக்கு 1,530, அனுப்பும் செலவு 40, ஆக மொத்தம் 1,570 வெள்ளி. நம்ம அக்கா ஒருத்தங்க எல்லார்கிட்டயும் காசு வாங்கி, தன் பேங்க் கணக்கிலிருந்து கட்டினாங்க. புடவை வரவே இல்லை. முதல் வாரம் "போஸ்ட் லேட்" என்றார்கள். இரண்டாம் வாரம் "ஸ்டாக் மாத்தி அனுப்புறோம்" என்றார்கள். மூன்றாம் வாரம் வாட்ஸ்அப்பில் பிளாக் பண்ணிட்டாங்க.

அந்தக் கடையின் லிங்க்கை குரூப்புல முதலில் போட்டது யாரு? நாங்கதான். எங்க குழுவில் ஒருவர் நல்ல எண்ணத்தோட பகிர்ந்தார். "கோயில் குரூப்புலயே வந்திருக்கு, நம்பிக்கையான கடையாத்தான் இருக்கும்"னு அக்கா நினைச்சாங்க. அந்த 1,570 வெள்ளியில் எங்க பங்கும் இருக்கு. அதனால்தான் இந்தப் பதிவை எழுதுறோம்.

காசைத் திரும்ப வாங்க என்ன வழின்னு அக்காவோட சேர்ந்து நாங்களும் தேடினோம். நம்ம நாட்டில் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கு. வீட்டுக்காகவோ சொந்த உபயோகத்துக்காகவோ வாங்கின பொருளில் பிரச்சினை என்றால், 50,000 வெள்ளி வரைக்கும் அங்கே கோரிக்கை வைக்கலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். வக்கீல் தேவையில்லை. பிரச்சினை நடந்து மூணு வருஷத்துக்குள்ள போகணும். மன்றம் கொடுக்கிற தீர்ப்பை எதிர்த்தரப்பு 14 நாளில் நிறைவேற்றலைன்னா அது குற்றம். சாதாரண மக்களுக்கு இதைவிட எளிய வழி வேற இல்லை.

மனுவுக்கு 'போராங் 1' என்று ஒரு படிவம். அக்கா தன் பெயர், ஐசி எண், முகவரி எல்லாம் எழுதினாங்க. அடுத்த பகுதி எதிர்த்தரப்புக்கு. பெயர் என்ன, பதிவு எண் என்ன, முகவரி என்ன? அங்கே பேனா நின்னு போச்சு. அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரு அழகான கடைப் பெயரும் ஒரு வாட்ஸ்அப் எண்ணும் மட்டும்தான். காசு போன கணக்கு வேற யாரோ ஒரு தனி ஆளின் பெயரில். கடைப் பெயருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. சம்மனை எந்த வாசலுக்கு அனுப்புவது? மன்றம் இருக்கு, சட்டம் இருக்கு, அக்காகிட்ட ரசீதும் இருக்கு. கூப்பிட ஆள்தான் இல்லை.

கடைசியில் போலீஸ் புகார் கொடுத்தோம். போலீஸின் 'செமாக் மியூல்' பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தப்போ, ஏற்கனவே அதன் மேல் புகார்கள் இருந்தது தெரிய வந்தது. காசு கட்டுறதுக்கு முன்னாடி இரண்டு நிமிஷம் செலவழிச்சு பார்த்திருந்தா தப்பிச்சிருக்கலாம். ஆனா ஒன்னு ஞாபகம் வச்சுக்கோங்க. அங்கே புகார் எதுவும் இல்லைன்னா அந்தக் கணக்கு நல்லதுன்னு அர்த்தம் இல்லை. இன்னும் யாரும் புகார் கொடுக்கலைன்னு மட்டும்தான் அர்த்தம்.

இதே வருஷம் இன்னொரு சம்பவம். நம்ம பக்தர் ஒருவர் வீட்டு பூஜை அறைக்கு 420 வெள்ளிக்கு பித்தளைக் குத்துவிளக்கு ஆன்லைன்ல வாங்கினார். விளக்கு பாகம் பாகமாக வந்தது. தண்டைத் தட்டோடு திருகினால் மரை பிடிக்கவே இல்லை. ஏத்தி வச்சா சாயுது. கடைக்குச் சொன்னார். "டிரான்ஸ்போர்ட்ல ஆனது, நாங்க பொறுப்பில்லை" என்று இரண்டு தடவை பதில் வந்தது. கிட்டத்தட்ட அதே பேச்சுதான், புடவைக் கடை பேசின மாதிரியே.

ஆனா இந்தக் கடையின் பக்கத்தில் கீழே நாலு வரி இருந்தது. வியாபாரத்தின் பதிவான பெயர், எஸ்.எஸ்.எம். எண், கிள்ளானில் ஒரு முகவரி, புகாருக்கு ஒரு இமெயில். நாங்க சேர்ந்து ஒரு இமெயில் எழுதினோம். விளக்கின் படங்கள், ரசீது, இதுவரை பேசின தேதிகள், கடைசியில் ஒரே ஒரு வாக்கியம்: ஏழு நாளில் மாற்றியோ காசைத் திருப்பியோ தராவிட்டால் இந்தப் பெயரிலும் இந்த முகவரியிலும் நடுவர் மன்றத்தில் மனு போடுவோம். ஐந்தாம் நாள் 420 வெள்ளியும் கணக்கில் வந்துவிட்டது. மன்றத்துக்குப் போகவே வேண்டியதில்லை.

இரண்டு கடைக்காரர்களில் ஒருத்தர் ரொம்ப நல்லவர், ஒருத்தர் ரொம்பக் கெட்டவர்னு நாங்க சொல்ல வரலை. விளக்குக் கடைக்காரரும் முதல்ல கையை விரிச்சார். பெயரும் முகவரியும் வெளியே இருந்ததால், தன்னைக் கூப்பிட முடியும்னு அவருக்குத் தெரியும். அதனால் வழிக்கு வந்தார். அந்த நாலு வரி செய்கிற வேலை இதுதான்.

சரி, இது கடைக்காரரின் பெருந்தன்மையா? இல்லைங்க. சட்டம். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மின்வணிகத்துக்குன்னே 2012-ல் விதிகள் போட்டாங்க; 2013 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. 2024 டிசம்பரில் அதைப் புதுப்பிச்சாங்க. விற்பவர் தன் பெயர் அல்லது நிறுவனத்தின் பெயர், பதிவு எண், தொடர்பு விவரங்கள், பொருளின் தன்மை, எல்லாச் செலவும் சேர்ந்த முழு விலை, பணம் கட்டும் முறை, விற்பனை நிபந்தனைகள், எத்தனை நாளில் வந்து சேரும் என்பது, இவ்வளவையும் வாங்குபவர் பார்க்கும்படி போட வேண்டும். போடாமல் விற்பது குற்றம். சமூக ஊடகத்தில் விற்பவர்களுக்கும் இது பொருந்தும் என்றுதான் உள்நாட்டு வாணிப அமைச்சு சொல்லி வருகிறது. "விலைக்கு பிஎம் பண்ணுங்க"ன்னு போடுற கடைகளையும் இந்த இடத்தில் யோசிச்சுப் பாருங்க.

இப்போ அந்த எண்ணை எப்படிப் படிப்பது? எஸ்.எஸ்.எம். 2019 அக்டோபரில் இருந்து 12 இலக்க எண் தருது. முதல் நாலு இலக்கம் பதிவு செய்த வருஷம். அடுத்த இரண்டு இலக்கம் எந்த வகை என்பது: 01 என்றால் உள்நாட்டு சென்டிரியான் பெர்ஹாட் போன்ற கம்பெனி, 03 என்றால் தனி ஆளோ பங்காளிகளோ நடத்தும் வியாபாரம். மீதி ஆறு இலக்கம் வரிசை எண். ஆகவே 202303 என்று ஆரம்பிக்கும் எண்ணைப் பார்த்தா, 2023-ல் பதிவான சின்ன வியாபாரம்னு உடனே புரிஞ்சுக்கலாம். அதே பக்கத்தில் "மூன்று தலைமுறைப் பாரம்பரியம்"னு எழுதியிருந்தா, அது எப்படின்னு ஒரு கேள்வி கேட்கலாம். தாத்தா பதிவில்லாம வித்திருக்கலாம், பேரப்பிள்ளை இப்போ பதிஞ்சிருக்கலாம். கேட்டால் நல்ல கடைக்காரர் சொல்லுவார்.

எண் இருந்தா மட்டும் போதாது. அடுத்தவங்க எண்ணை எடுத்துத் தன் பக்கத்தில் ஒட்டிக்கிறவங்களும் உண்டு. அதனால் எஸ்.எஸ்.எம். இணையத் தேடலில் அந்த எண்ணைப் போடுங்க. வருகிற பெயரும் பக்கத்தில் இருக்கிற பெயரும் ஒன்றா? பதிவு இன்னும் நடப்பில் இருக்கா, காலாவதி ஆயிடுச்சா? பிறகு காசு கட்டச் சொல்லும் பேங்க் கணக்கின் பெயரைப் பாருங்க. பதிவான பெயரோடு அது பொருந்தணும், இல்லைன்னா முதலாளியின் பெயரா இருக்கணும். மூணும் ஒன்னுக்கொன்னு ஒட்டலைன்னா அங்கேயே நிறுத்திடுங்க. புடவைக் கடையில் பெயர் ஒன்னு, கணக்கு ஒன்னு, எண் இல்லவே இல்லை. எங்களுக்கு அப்போ பார்க்கத் தெரியலை.

இதுக்கும் ஒரு எல்லை இருக்கு. எஸ்.எஸ்.எம். எண் இருப்பதால் புடவை நல்ல பட்டுன்னோ, விளக்கு நல்ல பித்தளைன்னோ ஆகிவிடாது. அவங்க யாரும் போய்ச் சரக்கைச் சோதிச்சுப் பார்த்து எண் தருவதில்லை. இன்னார் விற்கிறார், இங்கே இருக்கிறார், அவ்வளவுதான் அந்த எண் சொல்லும்.

கோயில் பெயரைச் சொல்லி விற்கிற பொருளில்தான் இது இன்னும் முக்கியம்னு நாங்க நினைக்கிறோம். அயோத்தியில் 2024 ஜனவரி 22 அன்று பிராண பிரதிஷ்டை. அதற்கு முன்னாடியே அமேசான் இந்தியா தளத்தில் "ஸ்ரீ ராம் மந்திர் அயோத்தியா பிரசாத்" என்ற பெயரில் லட்டும் பேடாவும் விற்பனைக்கு வந்துவிட்டது. இந்திய மத்திய பயனீட்டாளர் பாதுகாப்பு ஆணையம் ஜனவரி 19 அன்று நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பி ஏழு நாளில் பதில் கேட்டது. சாதாரண இனிப்பைப் பிரசாதம் என்ற பெயரில் காட்டினால், அந்தப் பெயர் இல்லாவிட்டால் வாங்கியிருக்கவே மாட்டாத மக்களும் வாங்குவார்கள் என்பதுதான் ஆணையத்தின் கவலை. நிறுவனமும் அந்தப் பொருட்கள் மேல் நடவடிக்கை எடுப்பதாகச் சொன்னது.

நம்ம மக்களும் இப்படித்தான். சாமி படத்தைப் பார்த்தா அதுக்குக் கீழே யார் விற்கிறாங்கன்னு பார்க்க மாட்டோம். சந்தேகப்பட்டா பாவம்னு கூட ஒரு நினைப்பு. பொருளின் பெயர் வேற, விற்பவரின் பெயர் வேற. முதலாவது சாமி பெயரா இருக்கலாம். இரண்டாவது கண்டிப்பா ஒரு மனிதரின் பெயராவோ கம்பெனியின் பெயராவோ இருக்கணும்.

தமிழ்நாட்டிலிருந்து நேரடியா வாங்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. சாமி சிலை, புடவை, நகைன்னு கும்பகோணம், காஞ்சிபுரம் பக்கமிருந்து நிறைய பேர் வரவழைக்கிறீங்க. இங்குள்ள மன்றத்தின் தீர்ப்பை அங்கே போய் நிறைவேற்றுவது லேசில்லை. ஆனா இந்தியாவிலும் 2020 ஜூலை முதல் மின்வணிக விதிகள் இருக்கு. இணையக் கடை தன் சட்டப்பூர்வப் பெயர், தலைமை அலுவலக முகவரி, குறைதீர் அலுவலரின் பெயர், அவரைத் தொடர்பு கொள்ளும் வழி எல்லாம் வெளியிட வேண்டும். அந்த அலுவலர் புகார் கிடைச்சதை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும். வாங்குறதுக்கு முன்னாடி அந்தக் குறைதீர் அலுவலர் பெயர் பக்கத்தில் இருக்கான்னு தேடிப் பாருங்க. இல்லைன்னா அங்கே உங்க புகாரை வாங்க ஆளே இல்லை.

இப்போ எங்ககிட்ட சிலர் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு வருவோம். இரண்டுமே நியாயமான கேள்விகள்.

முதலாவது: "தோட்டத்துல முறுக்கு சுட்டு, மாலை கட்டி வித்து நாலு காசு பார்க்கிற அம்மாக்களுக்கு ஏன் இந்தத் தொந்தரவு? பெரிய கடைக்காரனை விட்டுட்டு இவங்களைப் போய் கேட்பீங்களா?" நாங்களும் இதைப் பத்தி நிறைய பேசினோம். கணக்கைப் பாருங்க. ஐசியில் உள்ள சொந்தப் பெயரிலேயே வியாபாரம் பதிஞ்சா வருஷத்துக்கு 30 வெள்ளி. "ஸ்ரீ லட்சுமி முறுக்கு" மாதிரி ஒரு கடைப் பெயர் வச்சா 60 வெள்ளி. எஸ்.எஸ்.எம்.மின் 'இசிபிஸ்' தளத்தில் போனிலேயே பதியலாம். சிரம்பான் வரைக்கும் போகணும்னு அவசியமில்லை. வியாபாரம் ஆரம்பிச்ச 30 நாளுக்குள்ள பதியணும்னு சட்டமே சொல்லுது. மாசத்துக்கு ஐந்து வெள்ளிக்கு மேல ஆகாத செலவு இது. புடவைக் கடைக்குப் போன 1,570 வெள்ளி நம்ம அம்மாக்கள் கடைக்கு வந்திருக்கலாம். வராததுக்குக் காரணம், அந்தப் பக்கமும் நம்ம அம்மாக்களின் பக்கமும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருந்ததுதான். இரண்டிலும் எண் இல்லை. எண் இருந்தால் உண்மையான அம்மாவையும் ஏமாத்துக்காரனையும் ஒரு பார்வையிலேயே பிரிச்சுடலாம்.

இரண்டாவது கேள்வியை ஒரு தங்கை கேட்டாங்க: "அண்ணா, நான் வீட்ல தனியா இருக்கேன். வீட்டு முகவரியை ஊருக்கே போடணுமா?" இந்தப் பயத்தை நாங்க லேசா எடுத்துக்கலை. ஆனா இரண்டு விஷயம் சொல்லணும். தங்கை அனுப்புற ஒவ்வொரு பார்சல் மேலயும் அனுப்புனர் முகவரி ஏற்கனவே இருக்கு. பதிவு செய்த வியாபாரத்தின் விவரத்தை யார் வேணும்னாலும் எஸ்.எஸ்.எம்.மில் சின்னக் கட்டணம் கட்டி வாங்கலாம். ஆக, வியாபாரம் செய்ய ஆரம்பிச்ச பிறகு முகவரி ரகசியமா இருக்கப் போவதில்லை. மறைச்சா, கெட்டவனுக்கு இல்லை, காசு கட்டின வாடிக்கையாளருக்குத்தான் அது மறையுது. வீட்டு முகவரி வேண்டாம்னு நினைக்கிறவங்க, உண்மையிலேயே வேலை நடக்கிற வேற இடம் இருந்தா, அதையே வியாபார முகவரியா பதியலாம். சொந்தக்காரர் கடையின் ஒரு மூலையில் பேக்கிங் நடக்குதுன்னா அந்த இடம். இடம் மாறினா 30 நாளுக்குள்ள எஸ்.எஸ்.எம்.முக்குச் சொல்லணும், பக்கத்திலும் மாத்தணும். பழைய முகவரி கிடந்தா, இல்லாத முகவரி மாதிரிதான். போனுக்கும் சொந்த எண்ணைக் கொடுக்காம வியாபாரத்துக்குன்னு தனி எண் வச்சுக்கலாம்.

புகாருக்கு வாட்ஸ்அப் மட்டும் போதாதான்னும் கேட்டாங்க. வாட்ஸ்அப் இருக்கட்டும், நல்லதுதான். ஆனா பிளாக் பண்ண ஒரு விநாடி போதும், அனுப்பினதை அழிக்கவும் முடியும். இமெயில் அனுப்பினா தேதியோட நம்மகிட்டயே ஒரு நகல் நிக்கும். மன்றத்துல காட்டவும் அதுதான் சௌகரியம்.

அடுத்தவங்களைச் சொல்லிட்டு நாங்க சும்மா இருக்க முடியாது. திருவிழா நேரத்துல நம்ம கோயில் பக்கத்துலயும் மலர், நெய்விளக்கு, டி-ஷர்ட்னு ஆன்லைன்ல வாங்குறீங்க. போன வருஷம் வரைக்கும் அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது? சாமி படம், ஒரு தொண்டரின் போன் எண், ஒரு பேங்க் கணக்கு. புடவைக் கடைப் பக்கத்தை விட அது எந்த விதத்துலயும் உசத்தி இல்லை. இதை ஒத்துக்க எங்களுக்குக் கஷ்டமாத்தான் இருந்தது.

கோயில் எஸ்.எஸ்.எம்.மில் பதிவானது இல்லை. சங்கப் பதிவிலாகாவில் பதிவானது. அதனால் கோயில் பெயரில் விற்றால் அந்தச் சங்கப் பதிவு எண்ணைப் போடணும், காசும் கோயில் கணக்குக்கே போகணும். ஒரு தொண்டர் சொந்தக் காசுல சரக்கு வாங்கி, லாபமும் தனக்குன்னு வித்தா, அது அவரோட வியாபாரம். அவர் எண்ணைத்தான் போடணும், கோயில் பெயரைப் போடக்கூடாது. இந்த இரண்டையும் குழப்பினால்தான் பின்னாடி மனஸ்தாபம் வருது.

ஆகவே நிர்வாகத்திடம் நாங்க வைக்கிற வேண்டுகோள் இரண்டு. ஒன்று, கோயிலின் விற்பனைப் பக்கத்தில் இந்தத் திருவிழாவுக்கு முன்னாடியே பதிவான பெயர், சங்கப் பதிவு எண், கோயில் முகவரி, புகாருக்குச் செயலாளர் பதவியின் பெயரில் ஒரு இமெயில், இவ்வளவும் போடணும். தனி ஆள் இமெயில் வேண்டாம். நிர்வாகம் மாறினாலும் அந்த முகவரி மாறக்கூடாது. புகாருக்கு இரண்டு நாளில் பதில் போடணும். இரண்டு, குரூப்புல எந்தக் கடையைப் பகிர்ந்தாலும் இந்த நாலு வரி இருக்கான்னு பார்த்த பிறகே பகிரணும். இல்லாத பதிவை எடுத்துடுவோம். அது யாரோட சொந்தக்காரர் கடையா இருந்தாலும் சரி, எங்க குழுவில் உள்ளவர் கடையா இருந்தாலும் சரி. கோவிச்சுக்காதீங்க.

பதியத் தெரியாத அம்மாக்கள் வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் எங்களைப் பாருங்க. ஐசியும் போனும் மட்டும் கொண்டு வாங்க. கூட உட்கார்ந்து செஞ்சு தர்றோம். கட்டணத்தை நீங்களே நேரா எஸ்.எஸ்.எம்.முக்குக் கட்டுங்க; எங்க கையில் காசு தர வேண்டாம்.

யாராவது இப்பவே ஏமாந்திருந்தா, காசு போன உடனே 997-க்கு அழைங்க. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, அந்தக் கணக்கில் காசு நிற்கும்போதே தடுக்க அவ்வளவு வாய்ப்பு. பிறகு போலீஸ் புகார். கடைக்காரர் யார்னு தெரிஞ்சு, பொருள்தான் சரியில்லைன்னா, முதல்ல இமெயில், பிறகு நடுவர் மன்றம்.

அந்த அக்கா இந்த வருஷமும் பால்குடம் எடுக்கிறாங்க. தன்கிட்ட காசு கொடுத்த 33 பேருக்கும் மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக் கொடுத்துட்டு இருக்காங்க. யாரும் கேட்கலை, அவங்களாவே கொடுக்கிறாங்க. லிங்க்கைப் போட்ட நாங்க அதுல பாதியை ஏத்துக்கிட்டோம். அடுத்த லிங்க்கைப் பகிரும் முன்னாடி அந்த அக்காவை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.


ஆலயத் தொண்டர் குழு, லாபு